மெயின் சுவிட்சை அணைத்தாலும் அணையாத மின்சாரம்

சுங்கை புரோங்கில் ஒரு கம்போங் வீடு. ஒரே மாடி, சிங்க் கூரை, பின்பக்கம் நாலு தென்னை, அதற்கப்பால் வயல். கூரையில் ஒன்பது சோலார் பலகைகள். நண்பகலில் ஏதோ கோளாறு என்று பழுதுபார்க்க ஒருவர் வருகிறார். நல்ல வயர்மேன், பதினைந்து வருடமாக வீட்டு வயரிங் செய்தவர். மீட்டர் பெட்டியைத் திறந்து மெயின் சுவிட்சை அணைக்கிறார். மின்விசிறி நிற்கிறது, சுவரில் இருக்கும் இன்வெர்ட்டர் அடங்குகிறது. இனிப் பயமில்லை என்று ஏணியை எடுக்கிறார்.

வீட்டுக்குள் அவர் நினைப்பது சரி. கூரையில் தவறு. வெயில் இருக்கும்வரை அந்த ஒன்பது பலகைகளும் மின்சாரத்தைப் பிறப்பித்துக்கொண்டே இருக்கும். அதை நிறுத்த அங்கே சுவிட்ச் இல்லை. இன்று வீடுகளில் பொருத்தப்படும் 550 வாட் பலகை ஒன்று, எதிலும் இணைக்காமல் வெயிலில் கிடந்தாலே சுமார் 50 வோல்ட் தரும். ஒன்பதையும் வரிசையாக இணைத்தால் 450 வோல்ட். நம் வீட்டுச் சுவரில் இருக்கும் 230 வோல்ட்டைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு அது. மெயின் சுவிட்சை அணைத்தாலும் கூரையிலிருந்து இறங்கும் கேபிளில் அது அப்படியே நிற்கும்.

இந்த ஒன்றைத் தெரிந்துகொள்ளாமலேயே வயரிங் தொழிலில் பல ஆண்டுகள் நன்றாகப் பிழைக்க முடியும். சோலார் வேலைக்குத் தனிப் பயிற்சியும் தனிச் சான்றிதழும் தேவைப்படுவது இதனால்தான். கோலசிலாங்கூர், தஞ்சோங் காராங், ஜெராம், புக்கிட் ரோத்தான் பக்கத்து இளைஞர்கள் இந்தத் தொழிலுக்குள் நுழைவது பெரும்பாலும் பலகை தூக்கும் உதவியாளராகத்தான். அங்கிருந்து சொந்தமாகக் குத்தகை எடுக்கும் நிலைக்குப் போக என்ன தேவை, அந்தத் தாள்களுக்குப் பின்னால் உண்மையில் என்ன கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

ஏசி தெரிந்தவருக்கு டிசி புதிது

வீட்டு மின்சாரம் ஏசி. அது நொடிக்கு நூறு முறை பூச்சியத்தைத் தொட்டுத் திரும்புகிறது. ஓடும் மின்சாரத்தை நடுவில் பிரித்தால் ஒரு பொறி தோன்றும். அடுத்த பூச்சியம் வந்ததும் அது பெரும்பாலும் அணைந்துவிடும். பலகையிலிருந்து வருவது டிசி. அதற்குப் பூச்சியமே கிடையாது. மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு இணைப்பைப் பிடுங்கினால், பிரிந்த இரு முனைகளுக்கும் நடுவே வெல்டிங் போல நெருப்பு நின்று எரியும். கையை இழுத்துக்கொண்டாலும் அது பாட்டுக்கு எரியும். பிளாஸ்டிக்கை உருக்கி, பக்கத்தில் இருப்பதையும் பற்றவைக்கும்.

இன்னொரு விஷயம் அனுபவமுள்ள வயர்மேன்களையே திகைக்கவைக்கும். வீட்டில் இரண்டு வயர்கள் உரசிக்கொண்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து, எம்சிபி உடனே விழுந்துவிடும். சோலாரில் அப்படி நடக்காது. நாம் சொன்ன பலகை சாதாரணமாக வேலை செய்யும்போது சுமார் 13 ஆம்பியர் தருகிறது. இரு முனைகளையும் நேராக இணைத்துவிட்டாலும் 14 ஆம்பியருக்கு மேல் அதனால் தர முடியாது. வேலை செய்வதற்கும் ஷார்ட் ஆவதற்கும் வித்தியாசம் ஒரே ஒரு ஆம்பியர்தான். 20 ஆம்பியர் பியூஸுக்கு அங்கே ஏதோ தவறு நடக்கிறது என்பதே தெரியாது. எம்சிபி காப்பாற்றும் என்ற வயர்மேனின் நம்பிக்கை, கூரைக்கு மேலே செல்லுபடியாகாது.

ஆகவே வரிசை முக்கியம். முதலில் இன்வெர்ட்டரின் ஏசி பக்கத்தை அணைக்க வேண்டும். பிறகு டிசி ஐசொலேட்டரைத் திறக்க வேண்டும். அடுத்து கிளாம்ப் மீட்டரைக் கேபிளில் மாட்டி, மின்சாரம் ஓடவில்லை என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும். அதன் பிறகுதான் கூரையில் எந்த இணைப்பிலும் கைவைக்கலாம். அப்போதும் வோல்ட் போகாது, ஓட்டம் மட்டும்தான் நின்றிருக்கும். ஆகவே கையுறை கழறக்கூடாது, திறந்த முனையை அப்படியே விடக்கூடாது. டிசி ஓட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டர் வேறு. ஏசிக்கு மட்டுமான மலிவு மீட்டர் இங்கே எப்போதும் பூச்சியம் என்றே காட்டி ஆளை ஏமாற்றும். பயிற்சிக்குப் போகாமல் வேலையில் இறங்குகிறவர்கள் செய்யும் தவறுகளில் இது ஒன்று.

எந்தத் தாள், யாரிடமிருந்து

சோலார் சான்றிதழ் என்று ஒரே தாளைப்போலப் பேசுகிறோம். உண்மையில் அவை பல, தருகிறவர்களும் வேறு வேறு. குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

அடித்தளம் எரிசக்தி ஆணையம் தரும் தகுதிச் சான்றிதழ். வயர்மேன் அல்லது சார்ஜ்மேன் என்ற பெயரில் 1990ஆம் ஆண்டு மின்விநியோகச் சட்டத்தின்கீழ் வருவது. ஒற்றை பேஸ், மூன்று பேஸ் என்று அதில் பிரிவுகள் உண்டு. வயரிங் முடிந்ததும் மேற்பார்வையிட்டு முடித்ததற்கு ஜி படிவமும், சோதனை செய்ததற்கு எச் படிவமும் கையெழுத்தாக வேண்டும். அந்தக் கையெழுத்தைப் போடும் உரிமைதான் இந்தச் சான்றிதழின் உண்மையான மதிப்பு.

அதற்கு மேல் வருவது சேடாவின் பயிற்சி. 2011ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான நிலைபெறு எரிசக்தி மேம்பாட்டு ஆணையம் அது. கட்டடங்களில் சோலார் பொருத்தும் எம்பிஐபிவி என்ற தேசியத் திட்டம் 2005இல் தொடங்கியபோதே, பொருத்துகிற ஆட்களைத் தயாரிக்காமல் பலகைகளை மட்டும் வாங்கிப் பயனில்லை என்பது தெரிந்திருந்தது. இன்று சேடாவின் பயிற்சியில் சோலார் அமைப்பை வடிவமைப்பவருக்கு ஒரு பாடம், வயர்மேன், சார்ஜ்மேனுக்கு ஒரு பாடம், கூரையில் பொருத்துகிறவருக்கு ஒரு பாடம் என்று தனித்தனியாக இருக்கின்றன. வயர்மேன் சான்றிதழ் இல்லாதவரும் பொருத்துநருக்கான பாடத்திலிருந்து தொடங்கலாம். உதவியாளராக இருக்கும் தம்பிகள் கவனிக்க வேண்டிய வாசல் இது.

மூன்றாவது, சிஐடிபியின் பச்சை அட்டை. கட்டுமானத் தளத்துக்குள் நுழைய இது வேண்டும். ஒரு நாள் பாதுகாப்புப் பயிற்சிக்குப் பிறகு கிடைத்துவிடும். எளிதாகக் கிடைப்பதாலேயே பலர் இதைப் புதுப்பிக்க மறந்து, தொழிற்சாலை வாசலில் பாதுகாவலர் திருப்பி அனுப்பும்போதுதான் அட்டையின் தேதியைப் பார்க்கிறார்கள்.

இவையெல்லாம் ஆளுக்கு உரிய தாள்கள். நிறுவனத்துக்கு உரிய பதிவு வேறு. வீட்டுச் சோலாருக்கு விண்ணப்பம் போடுவது சேடாவில் பதிவு பெற்ற சேவை நிறுவனத்தின் வழியாகத்தான். அந்தப் பதிவை வாங்கவும் தக்கவைக்கவும் நிறுவனத்திடம் பயிற்சிச் சான்றிதழ் பெற்ற ஆட்கள் இருந்தாக வேண்டும். ஒரு தனி வயர்மேனின் சான்றிதழ் ஒரு நிறுவனத்துக்கு ஏன் தேவைப்படுகிறது என்பதற்கான விடை இங்கே இருக்கிறது. அவரை வேலைக்கு வைத்தால் வேலையும் முடியும், பதிவும் நிற்கும்.

திட்டங்களின் பெயர்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. 2016இல் வந்த என்இஎம் 2025 ஜூன் 30இல் முடிந்து, இப்போது சோலார் அத்தாப் வந்திருக்கிறது. பெயர் ஆங்கிலச் சுருக்கம்தான், ஆனால் மலாயில் அத்தாப் என்றால் கூரை. நம் தாத்தா பாட்டிகள் தோட்டத்து லயத்தில் அத்தாப்புக் கூரைக்குக்கீழ் மழைக்கு வாளி வைத்த கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தப் பெயர் ஒரு புன்னகையை வரவழைக்கும். திட்டம் எதுவானாலும் கூரையில் செய்ய வேண்டிய வேலை மாறவில்லை.

கயிறு கட்டியும் தரையில் விழலாம்

மின்சாரத்தைவிட முன்னால் வரும் ஆபத்து கூரையிலிருந்து விழுவது. இதில் பயிற்சி பெற்றவருக்கும் பெறாதவருக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு சின்னக் கணக்கு காட்டிவிடும்.

இடுப்பிலும் தோளிலும் ஹார்னஸ் கட்டி, 1.8 மீட்டர் கயிறு மாட்டியிருக்கிறார் ஒருவர். கயிற்றில் அதிர்ச்சியைத் தாங்கும் பொட்டலம் ஒன்று உண்டு. விழும்போது அது கிழிந்து விரிந்து வேகத்தைக் குறைக்கும். விரிந்தால் கிட்டத்தட்ட இன்னும் 1.75 மீட்டர் நீளும். கயிறு மாட்டியிருக்கும் முதுகிலிருந்து பாதம்வரை ஒன்றரை மீட்டர். பாதுகாப்புக்கு ஒரு மீட்டர் விடவேண்டும். கூட்டினால் ஆறு மீட்டர். நம் சுங்கை புரோங் வீட்டின் கூரை ஓரம் தரையிலிருந்து மூன்று மீட்டர்தான். கயிறு இறுகுவதற்கு முன்னால் ஆள் சிமெண்டுத் தரையில் இருப்பார்.

அதாவது உயரமான தொழிற்சாலைக் கூரைக்குச் சரியான அதே கயிறு, தாழ்ந்த வீட்டில் வெறும் அலங்காரம். அங்கே வேண்டியது ஓரத்தை எட்டவே விடாத குட்டைக் கயிறு. அதைக் கூரையின் மறுபக்கத்து உறுதியான சட்டத்தில் நங்கூரமிட்டு, ஓரத்துக்கு ஒரு முழம் முன்னாலேயே ஆளை நிறுத்திவிட வேண்டும். விழுந்தபின் பிடிப்பது வேறு, விழ விடாமலேயே நிறுத்துவது வேறு. பயிற்சியில் இதை வாயால் சொல்வதோடு நிறுத்தக்கூடாது. கட்டிப் பார்த்து, இழுத்துப் பார்த்துப் பழக வேண்டும்.

பழைய கம்போங், தோட்ட வீடுகளில் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். சாம்பல் நிற அலைக் கூரையைப் பார்த்ததும் சிங்க் என்று நினைத்துக் கால் வைக்கிறார்கள். அது ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்டாக இருந்தால், வெயிலிலும் மழையிலும் முப்பது நாற்பது வருடம் காய்ந்து, பிஸ்கட் போல உடையும். ஆள் ஓரத்தில் சறுக்கி விழமாட்டார், நட்ட நடுவில் ஓட்டையாகி உள்ளே விழுவார். அதில் துளையிட்டால் எழும் தூசியில் நுரையீரலுக்குக் கெடுதியான இழைகள் இருக்கும். இப்படிப்பட்ட கூரையைப் பார்த்ததும், முதலில் கூரையை மாற்றுங்கள், பிறகு சோலார் பேசலாம் என்று சொல்லிவிட்டு ஏணியை மடிப்பவரே விவரம் தெரிந்தவர். அன்றைய வேலை போகும். அந்த வீட்டுக்காரர் கூரை மாற்றியதும் யாரைக் கூப்பிடுவார் என்பது இன்னொரு விஷயம்.

ஒரு கிளிக் சத்தம்

2019 ஆகஸ்டில் அமெரிக்காவின் வால்மார்ட் நிறுவனம் டெஸ்லாமேல் வழக்குத் தொடுத்தது. தன் ஏழு கடைகளின் கூரைகளில் சோலார் அமைப்புகள் தீப்பிடித்ததாக அது குற்றம்சாட்டியது. இணைப்பான்கள் சரியாகப் பொருத்தப்படவில்லை, பரிசோதிக்க வந்தவர்களுக்கே அடிப்படைப் பயிற்சி இல்லை என்பவை புகாரில் இருந்தவை. அதே ஆண்டு நவம்பரில் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன. ஆகவே யார் சரி என்று நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் புகாரைப் படிக்கும் எந்த வயர்மேனும், பெரிய பெரிய இயந்திரங்களைப் பற்றியதல்ல, கட்டைவிரல் அளவு இணைப்பான்களைப் பற்றியது இந்தச் சண்டை என்பதைக் கவனிப்பார்.

பலகைக்கும் பலகைக்கும் நடுவே இருக்கும் அந்த இணைப்பான்களைத் தொழிலில் எம்சி4 என்பார்கள். பலகையோடு வருபவை தொழிற்சாலையில் பொருத்தப்பட்டவை. ஆனால் கூரையிலிருந்து இன்வெர்ட்டர்வரை வரும் நீளக் கேபிளின் முனைகளைப் பொருத்துவது நம் ஆள். கேபிளின் தோலைச் சரியான நீளத்துக்கு உரித்து, உலோக முனையில் நுழைத்து, அதற்கென்றே உள்ள கிரிம்பிங் கருவியால் அழுத்த வேண்டும். பிறகு உறைக்குள் தள்ளினால் கிளிக் என்று ஒரு சத்தம் வரும். அதன் பிறகு மெல்ல இழுத்துப் பார்க்க வேண்டும். சாதாரணக் குறடால் நசுக்கினாலும் அன்று வேலை செய்யும். ஆறு மாதம் கழித்து அந்த இடம் சூடாகி, பிளாஸ்டிக் பழுப்பேறி, ஒரு நாள் எரியும்.

இரண்டு வேறு நிறுவனங்களின் இணைப்பான்களை ஒன்றோடொன்று மாட்டுவதும் இதே தவறுதான். உருவம் ஒன்றாக இருக்கும், சிரமமில்லாமல் மாட்டிக்கொள்ளும். உள்ளே உலோகம் தொடும் அளவு ஒரு மில்லிமீட்டரில் ஒரு பங்கு மாறினாலே போதும். கடையில் கையிருப்பில் இருந்ததை வாங்கி வந்தேன் என்கிற ஒரு வசனம், பல கூரைகளின் நோய்க்குக் காரணம்.

சுங்கை புரோங் கடலோரம் என்பதையும் இங்கே சேர்க்க வேண்டும். உப்புக் காற்று அலுமினியச் சட்டத்தையும் செம்பு எர்த் வயரையும் நேராகத் தொடவிட்டால், தொடும் இடத்தில் அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரிக்கத் தொடங்கும். இரண்டுக்கும் நடுவே ஈயம் பூசிய முனையோ அதற்கென உள்ள வாஷரோ போட வேண்டும். சில காசு விலையுள்ள பொருள் அது. இல்லாவிட்டால் எர்த் இருப்பதாகக் கண்ணுக்குத் தெரியும், உண்மையில் இருக்காது.

ஒரு வீட்டின் சோதனைத் தாள்

இனி அந்த ஒன்பது பலகை வீட்டுக்கே திரும்புவோம். பொருத்தி முடித்தாயிற்று, இன்வெர்ட்டரை இன்னும் இயக்கவில்லை. மலேசியத் தர விதியான எம்எஸ் 1837 சோலார் பொருத்தும் முறைக்கு வழிகாட்டுகிறது. இயக்குவதற்குமுன் எதை எதை அளந்து எழுதவேண்டும் என்பதற்கு ஐஇசி 62446 என்ற அனைத்துலகத் தரம் இருக்கிறது. எர்த் தொடர்ச்சி, நேர் எதிர் முனை, வோல்ட், ஆம்பியர், இன்சுலேஷன் என்று போகும் அந்தப் பட்டியலில் இரண்டை மட்டும் செய்துபார்ப்போம்.

முதலில் வோல்ட். காகிதத்தில் ஒன்பது பலகைக்கு 450. ஆனால் அந்த எண் பலகை 25 பாகை சூட்டில் இருக்கும்போது. நண்பகலில் சிங்க் கூரைமேல் பலகையின் முதுகில் 60 பாகை இருக்கலாம். ஒவ்வொரு பாகைக்கும் வோல்ட் சுமார் 0.27 விழுக்காடு குறையும். 35 பாகை கூடியிருப்பதால் ஒன்பதரை விழுக்காடு குறைந்து, மீட்டர் 407 வோல்ட் பக்கம் காட்ட வேண்டும்.

மீட்டர் 362 காட்டினால்? குறைவது 45, அதாவது சரியாக ஒரு பலகை. இணைக்கும்போது ஒன்றைத் தாண்டிவிட்டார்கள். 392 காட்டினால்? குறைவது 15, ஒரு பலகையில் மூன்றில் ஒரு பங்கு. ஒவ்வொரு பலகையும் உள்ளே மூன்று பகுதியாகப் பிரிந்து, பகுதிக்கு ஒரு டயோட் வைத்திருக்கிறது. அதில் ஒன்று கெட்டுப்போயிருக்கலாம். ஆனால் அவசரப்படக்கூடாது. சூட்டை 12 பாகை தவறாகக் கணித்திருந்தாலும் இதே 15 வோல்ட் வித்தியாசம் வரும். ஆகவே குத்துமதிப்பாக 60 என்று எழுதாமல், பலகையின் முதுகில் வெப்பமானியை வைத்து அளந்த பிறகே பலகைமேல் பழி போட வேண்டும். 407க்கும் 392க்கும் நடுவில் நின்று யோசிக்கத் தெரிவதுதான் தொழில். மீட்டர் ஏதோ நானூறு காட்டுகிறது, சரி, மூடு என்பவருக்கு இந்தக் கோளாறு கடைசிவரை தெரியாது. வீட்டுக்காரருக்கு மட்டும் மாதாமாதம் கொஞ்சம் குறையும், காரணம் புரியாமல்.

இரண்டாவது இன்சுலேஷன். கேபிளின் தோல் எங்காவது கிழிந்து, உள்ளிருக்கும் செம்பு சட்டத்தைத் தொடுகிறதா என்று பார்ப்பது. இந்த வீட்டு அளவுக்கு 1000 வோல்ட் கொடுத்துச் சோதிக்க வேண்டும். குறைந்தது ஒரு மெகா ஓம் இருக்க வேண்டும் என்பது விதி. காய்ந்த கூரையில் புதிய கேபிள் அதைப் போலப் பல மடங்கு காட்டும். ஆக, 1.3 என்று வந்தால் விதிப்படி பாஸ், ஆனால் மனசு ஒப்பக்கூடாது. எங்கோ கேபிள் சட்டத்தின் கூர் முனையில் உரசுகிறது. இன்று வெயிலில் தப்பித்துவிடும். நாளை விடியற்காலைப் பனியில் இன்வெர்ட்டர் இன்சுலேஷன் குறைவு என்று எச்சரிக்கை காட்டி நின்றுவிடும், பத்து மணிக்குக் கூரை காய்ந்ததும் தானே ஓடும். காலையில் மட்டும் வந்து மறையும் இந்தக் கோளாறை வீட்டுக்காரர் சொல்லும்போது நம்பாத டெக்னீஷியன்கள் உண்டு. அவர்கள் பன்னிரண்டு மணிக்கு வந்து பார்ப்பவர்கள்.

அந்தத் தாள் எப்படிக் குத்தகையாகிறது

வீட்டுக்காரர் ஒப்பந்தம் போடுவது சேடாவில் பதிவு பெற்ற நிறுவனத்தோடு. அந்த நிறுவனம் பெரும்பாலும் கூரை வேலையைச் சிறிய குழுக்களுக்குத் துணைக் குத்தகையாகக் கொடுத்துவிடும். நம் பக்கத்து இளைஞர்கள் நிற்பது இந்த மூன்றாம் படியில். இங்கே போட்டி பலகைக்கு இவ்வளவு என்ற விலையில்தான். பத்து வெள்ளி குறைத்துச் சொல்பவருக்கு வேலை போகும். குறைத்த பத்து வெள்ளி எங்கிருந்து வருகிறது? நங்கூரம் அடிக்காததிலிருந்தும் சோதனையைத் தவிர்த்ததிலிருந்தும்தான்.

இந்தக் கணக்கைச் சட்டம் கொஞ்சம் மாற்றியிருக்கிறது. 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்துக்கு 2022இல் கொண்டுவந்த திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. குத்தகை கொடுப்பவரைப் பிரின்சிபல் என்று குறிப்பிட்டு, தான் அமர்த்திய குத்தகையாளரின் ஆட்களுடைய பாதுகாப்புக்கும் அவரைப் பொறுப்பாக்குகிறது அது. ஆபத்து மதிப்பீட்டைக் கட்டாயமாக்குகிறது. முதலாளியின் கடமை மீறலுக்கு உச்ச அபராதம் 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ரிங்கிட்டாக உயர்ந்திருக்கிறது. உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாக நம்பும் தொழிலாளி அந்த வேலையிலிருந்து விலகிக்கொள்ளும் உரிமையும் அதில் இருக்கிறது.

இதன் விளைவு வாசலில் தெரியும். பெரிய வேலை கொடுக்கும் நிறுவனம் விலை கேட்பதற்கு முன்னாலேயே தாள்களைக் கேட்கும். பச்சை அட்டை, வயர்மேன் சான்றிதழ், சேடா சான்றிதழ், பெர்கேசோ, இந்தக் கூரைக்கென்று எழுதிய ஆபத்து மதிப்பீடு. கடைசியாகச் சொன்னதைப் பலர் யாரிடமிருந்தோ வாங்கி, இடத்தின் பெயரை மட்டும் மாற்றிக் கொடுப்பார்கள். ஒரு மாடி வீட்டுக்கு எழுதியதில் பன்னிரண்டு மீட்டர் உயர ஏணி இருந்தால், படிக்கிறவருக்குப் புரிந்துவிடும். தன் கையால் எழுதத் தெரிந்தவர் அங்கேயே ஒரு படி மேலே நிற்கிறார்.

இன்னொரு வழியிலும் தாள் வேலை தேடித்தரும். பொருத்திய இரண்டு வருடத்தில் உற்பத்தி குறைந்தது என்று வீட்டுக்காரர் புகார் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நிறுவனம் குழுவைக் குற்றம்சொல்லும், குழு பலகையைக் குற்றம்சொல்லும். முதல் நாள் சோதனைத் தாளில் 407 வோல்ட், 60 பாகை, தேதி, நேரம், கையெழுத்து இருந்தால் பேச்சு முடிந்தது. அன்று சரியாக இருந்தது, இன்று 392 என்றால் பலகைக்கு உத்தரவாதம் கேட்கலாம். தாள் இல்லாவிட்டால் திரும்பத் திரும்பச் சொந்தப் பெட்ரோலில் வந்து போக வேண்டியது குழுதான். ஒரு தடவை இப்படித் தாளைக் காட்டித் தகராற்றை முடித்த குழுவை, நிறுவனம் அடுத்த வேலைக்கு விலை கேட்காமலே கூப்பிடும். பராமரிப்பு வேலைகளும் அப்படித்தான் கைக்கு வரும்.

சான்றிதழ் செய்யாதவற்றையும் சொல்லிவிட வேண்டும். பணத்தை மூன்று மாதம் இழுத்தடிக்கும் குத்தகையாளரை அது திருத்தாது. பயிற்சி நாள்களில் சம்பளம் இருக்காது, கட்டணம் வேறு. எச்ஆர்டி கோர்ப் லெவி கட்டும் நிறுவனத்தில் வேலை செய்பவர், அதன் வழியாக அனுப்ப முடியுமா என்று முதலாளியிடம் கேட்டுப் பார்க்கலாம். தனியாக நிற்பவர் சொந்தச் சேமிப்பிலிருந்துதான் போடவேண்டும். சேடா சான்றிதழ் வாங்கியதும் சொந்த நிறுவனம் தொடங்கிவிடலாம் என்று நினைப்பதும் தவறு. நிறுவனப் பதிவுக்கு ஆள், முதல், பிற பதிவுகள் எல்லாம் வேண்டும். முதல் சில வருடங்களுக்குப் பதிவுள்ள ஒரு நிறுவனத்தின் நம்பகமான வயர்மேனாக இருப்பது பலருக்கும் பொருந்தும் வழி.

வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. விலைப்புள்ளி வாங்கும்போது எத்தனை கிலோவாட், எத்தனை வருட உத்தரவாதம் என்று கேட்கிறோம். கூடவே, கூரையேறப் போகிறவரின் பெயரையும் சான்றிதழையும் காட்டச் சொல்லுங்கள். நிறுவனத்தின் பெயர் சேடாவின் பதிவுப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். வேலை முடிந்ததும் சோதனைத் தாளின் ஒரு பிரதியைக் கேட்டு வாங்கி, கிராண்டோடு சேர்த்து வையுங்கள்.

பிறகு மீட்டர் பெட்டிக்குப் போய்ப் பாருங்கள். இரண்டு பக்கத்திலிருந்தும் மின்சாரம் வருகிறது என்று எச்சரிக்கும் ஒட்டுத்தாள் அங்கே இருக்க வேண்டும். டிசி ஐசொலேட்டர்மேல் இன்னொன்று. வெயிலில் வெளுத்துப்போகிற சாதாரணத் தாளில் அச்சடித்து ஒட்டியிருந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள். வீட்டில் என்றாவது புகை வந்து, தஞ்சோங் காராங்கிலிருந்து பொம்பா வண்டி வந்து நிற்கும் நேரத்தில், மெயினை அணைத்துவிட்டுக் கூரையைப் பார்க்கும் வீரர் முதலில் படிக்கப்போவது அதைத்தான்.